மைனஸ் ஒன்பது நல்லதா, கெட்டதா?

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, தரைக்கு அடியில், ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் ஒளியிழைக் கேபிள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வடக்குக் கட்டடத்தில் ஒரு சுவிட்ச், தெற்குக் கட்டடத்தில் ஒரு சர்வர். இரண்டிலும் சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உலோகத் துண்டு செருகியிருக்கிறது. மின்துடிப்பை ஒளியாக்கி இழைக்குள் அனுப்புவதும், எதிரிலிருந்து வரும் ஒளியை மறுபடி மின்துடிப்பாக்குவதும் அதன் வேலை. டிரான்ஸீவர் என்பது அதன் பெயர். களத்தில் வேலை செய்பவர்கள் மாட்யூல் என்றோ எஸ்எஃப்பி என்றோ சொல்வார்கள். தெற்கே இருக்கும் லினக்ஸ் சர்வரில் ஒரு கட்டளை கொடுத்தால், மாட்யூல் தன்னைப் பற்றி மற்ற விவரங்களோடு இந்த ஐந்து செய்திகளையும் சொல்கிறது:

```
$ sudo ethtool -m eth2
Laser bias current                    : 34.120 mA
Laser output power                    : 0.5500 mW / -2.60 dBm
Receiver signal average optical power : 0.1259 mW / -9.00 dBm
Module temperature                    : 38.25 degrees C / 100.85 degrees F
Module voltage                        : 3.3005 V
```

லேசருக்குப் போகும் மின்னோட்டம், லேசர் அனுப்பும் ஒளியின் அளவு, எதிர்முனையிலிருந்து வந்து சேரும் ஒளியின் அளவு, வெப்பம், மின்னழுத்தம். இவற்றில் வந்து சேரும் ஒளி மைனஸ் ஒன்பது. இணைப்பு வேலை செய்கிறது. ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. மாட்யூல் எந்த எச்சரிக்கையும் எழுப்பவில்லை. ஆனாலும் இந்த இணைப்பில் கோளாறு இருக்கிறது. அதை இந்த எண்ணிலிருந்து எப்படிக் கண்டுகொள்வது, எந்த இடத்தில் தேடுவது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அலகு. 1 மில்லிவாட் ஒளியைப் பூஜ்யம் டிபிஎம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு மைனஸ் 10, நூறில் ஒரு பங்கு மைனஸ் 20. மூன்று டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிறது. மைனஸ் ஒன்பது என்றால் மூன்று தடவை பாதியாகியிருக்கிறது, அதாவது எட்டில் ஒரு பங்கு. திரையில் தெரியும் 0.1259 மில்லிவாட் அதுதான். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது மைனஸ் குறியில்தான். மைனஸ் 9-ஐவிட மைனஸ் 6 அதிக ஒளி. குறிக்குப் பின்னால் எண் பெருகப் பெருக வெளிச்சம் குறைகிறது.

இந்த அலகின் பெரிய வசதி என்னவென்றால், பெருக்கல் கணக்கெல்லாம் கழித்தல் கணக்காகிவிடுகிறது. வடக்கு முனை அனுப்புவது மைனஸ் 2.4. தெற்கு முனை பெறுவது மைனஸ் 9.0. நடுவில் தொலைந்தது 6.6 டெசிபல். எதிர்த்திசையில் தெற்கு அனுப்புவது மைனஸ் 2.6, வடக்கு பெறுவது மைனஸ் 5.7, தொலைந்தது 3.1. போவதற்கு ஓர் இழை, வருவதற்கு இன்னோர் இழை. இரண்டும் ஒரே கேபிளுக்குள், ஒரே தூரம் ஓடுகின்றன. ஒன்றில் 3.1, மற்றதில் 6.6.

இழப்பு எவ்வளவு இருக்க வேண்டும்?

கண்ணாடி இழை ஒளியைத் தின்னும் அளவு நன்றாகத் தெரிந்த ஒன்று. 1966-இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் இங்கிலாந்தில் கட்டுரை எழுதியபோது, அன்றைய கண்ணாடியில் ஒரு கிலோமீட்டருக்குள் சுமார் 1000 டெசிபல் தொலைந்தது. அதை 20-க்குக் கீழே கொண்டுவந்தால் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்றும், குற்றம் கண்ணாடியில் இல்லை, அதிலுள்ள அசுத்தத்தில்தான் என்றும் காவோ வாதிட்டார். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் 17 டெசிபலைத் தொட்டார்கள். காவோவுக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் தரைக்கடியில் கிடக்கும் சாதாரண ஒற்றைமுறை இழை, 1310 நானோமீட்டர் அலைநீளத்தில், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.35 டெசிபல்தான் எடுத்துக்கொள்கிறது.

ஆகவே நம் ஆறு கிலோமீட்டருக்கு 2.1 டெசிபல். இரு கட்டடத்திலும் கேபிள் வந்து முடியும் பேனலில் ஒவ்வொரு கனெக்டர் இணைப்பு உண்டு; ஒன்றுக்கு 0.4 என்று தாராளமாக வைத்தால் 0.8. இழையை உருக்கி ஒட்டிய ஸ்ப்ளைஸ் நான்கு, ஒன்றுக்கு 0.1 வீதம் 0.4. மொத்தம் 3.3 டெசிபல். வடக்கு நோக்கி வரும் இழையில் தொலையும் 3.1 இந்தக் கணக்குக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. தெற்கு நோக்கிப் போகும் இழையில் மட்டும் மூன்றேகால் டெசிபல் கூடுதலாகப் போயிருக்கிறது. அனுப்பிய ஒளியில் பாதிக்கும் மேலான பகுதி, கணக்கில் இல்லாத ஓரிடத்தில் காணாமல் போகிறது.

அப்படியிருந்தும் மாட்யூல் ஏன் வாய் திறக்கவில்லை? ஒவ்வொரு மாட்யூலிலும் அதைத் தயாரித்தவர் எச்சரிக்கை எல்லைகளைப் பதித்து வைத்திருக்கிறார். நாம் பார்ப்பது பத்து கிலோமீட்டர் வரை பத்து கிகாபிட் கொண்டுபோகும் எல்ஆர் வகை. ஈதர்நெட் தரநூலில் இந்த வகைக்கு வந்துசேர வேண்டிய குறைந்தபட்ச சராசரி ஒளி மைனஸ் 14.4 டிபிஎம். கீழெல்லை எச்சரிக்கை பெரும்பாலும் இதையொட்டியே அமைந்திருக்கும். மைனஸ் ஒன்பது அதற்கு வெகு மேலே இருப்பதால் மாட்யூலின் பார்வையில் எல்லாம் நலம். அந்த எல்லை உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் செருகப்படக்கூடிய மாட்யூலுக்காக எழுதியது. நம்முடைய கேபிள் ஆறு கிலோமீட்டர் என்பதோ, இதில் எவ்வளவு தொலைய வேண்டும் என்பதோ அதற்குத் தெரியாது.

இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதே தரநூல் எல்ஆர் வகையின் லேசர் மைனஸ் 8.2 முதல் பிளஸ் 0.5 வரை எந்த அளவில் ஒளி அனுப்பினாலும் ஏற்கிறது. இழைப்பாதை முழுவதும் சேர்ந்து இழக்கலாம் என்று அது அனுமதிப்பது 6.2 டெசிபல். நம் தெற்குப் பாதை இழப்பது 6.6. வரம்பை ஏற்கெனவே தாண்டியாயிற்று. வடக்கே இப்போது செருகியிருக்கும் மாட்யூல் மைனஸ் 2.4 என்று பலமாக அடிப்பதால் அது வெளியே தெரியவில்லை. நாளை அது பழுதாகி, மைனஸ் 7 அனுப்பும் மாட்யூலைப் போட்டால் — அதுவும் தரத்துக்கு உட்பட்ட நல்ல மாட்யூல்தான் — தெற்கே மைனஸ் 13.6 வந்து சேரும். இணைப்பு விளிம்பில் தள்ளாடும். எல்லோரும் புது மாட்யூலைத்தான் குறை சொல்வார்கள். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பார்கள். பழுது அதே இடத்தில் இருக்கும்.

இந்த எண் எங்கே பிறக்கிறது?

வாசிப்பை எவ்வளவு நம்பலாம் என்பது அது எப்படி அளக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பெறும் பக்கத்தில் கதை எளிது. இழையிலிருந்து வரும் ஒளி ஒரு போட்டோடையோடில் விழுந்து மின்னோட்டமாகிறது. அந்த மின்னோட்டத்தின் சராசரியை ஒரு சிறு சில்லு அளந்து, ஒரு பத்து லட்சத்தில் ஒரு பங்கு வாட்டையும் பத்தாகப் பகுத்த அலகில் எண்ணாக்கி நினைவகத்தில் எழுதுகிறது. எந்த பைட்டில் எந்த எண் இருக்க வேண்டும் என்பதை எஸ்எஃப்எஃப்-8472 என்ற ஒப்பந்த ஆவணம் வரையறுக்கிறது. நம் மாட்யூலின் நினைவகத்தில் உண்மையில் எழுதியிருப்பது 1259 என்ற எண். மில்லிவாட்டும் டிபிஎம்மும் அதைப் படிக்கும் நிரல் போட்ட கணக்கு.

அனுப்பும் பக்கம் அப்படியல்ல. பெரும்பாலான மாட்யூல்களில் லேசரின் முன்புறம் இழையை நோக்கியிருக்கும். பின்புறம் கசியும் சிறு ஒளியை இன்னொரு போட்டோடையோடு பார்த்துக்கொண்டிருக்கும். அதைக் கொண்டு, முன்னால் இவ்வளவு போகிறது என்று மாட்யூல் அனுமானிக்கிறது. ஆகவே அதன் வாயில் செருகிய கனெக்டர் அழுக்காக இருந்தாலும், கனெக்டரே செருகாமல் இருந்தாலும், அனுப்பும் எண் மாறாது. "இந்தப் பக்கம் டிஎக்ஸ் நன்றாக இருக்கிறது, ஆகவே இந்தப் பக்கம் பழுதில்லை" என்ற வாதத்தை நான் பல பேர் வாயால் கேட்டிருக்கிறேன். அந்த வாதம் செல்லாது. லேசர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்த எண் சாட்சி. அனுப்பிய ஒளிக்கு என்ன நேர்ந்தது என்பதை எதிர்முனையின் பெறும் எண்தான் சொல்ல முடியும். ஆகவே ஓர் இணைப்பைப் பற்றிப் பேச நான்கு எண்கள் வேண்டும். ஒரு முனையின் திரையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

துல்லியம் என்ற விஷயத்தில் அந்த ஆவணம் மிகப் பெருந்தன்மையானது. ஒளியளவு மூன்று டெசிபல் வரை முன்பின்னாக இருக்கலாம் என்கிறது. நல்ல மாட்யூல்கள் இதைவிட நன்றாகவே அளக்கின்றன. ஆனாலும் கொள்கையளவில் ஒரு மாட்யூல் மூன்று கூட்டியும் மற்றது மூன்று குறைத்தும் சொன்னால், நாம் கழித்துக் கண்டுபிடித்த மூன்றேகால் டெசிபல் கூடுதல் இழப்பு வெறும் அளவைப் பிழையாகவே இருந்துவிடலாம்.

இங்கேதான் முதல் நாள் குறிப்பு கைகொடுக்கிறது. ஒரே மாட்யூல் அதே ஒளியை இன்று அளந்தாலும் அடுத்த மாதம் அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் சொல்லும். அதன் பிழை அதனோடேயே பிறந்தது, பெரிதாக நகர்வதில்லை. அது காட்டும் அளவு மெய்யளவிலிருந்து ஒன்றரை டெசிபல் விலகியிருக்கலாம். ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு டெசிபலில் சில பத்தில் பங்குகள் வரை நம்பலாம். நம் இணைப்பைப் பூட்டிய நாளில் தெற்கே பெற்றது மைனஸ் 5.9 என்று பதிவேட்டில் இருக்கிறது. வடக்கு அனுப்பும் அளவு அன்றும் இன்றும் ஒன்றே. ஆகவே 3.1 டெசிபல் இடையில் தொலைந்திருப்பது உண்மை. அளவைப் பிழை என்று தள்ள முடியாது. என் கணிப்பில், ஓர் இணைப்பைக் கையளிக்கும் நாளில் நான்கு எண்களையும் எழுதி வைக்காதவர் வேலையை முடிக்கவில்லை.

பதிவேடு இல்லாத இடத்தில் வேறு வழி உண்டு. இரு முனையிலும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். போகும் இழை வருவதாகவும் வரும் இழை போவதாகவும் ஆகட்டும். குறைந்த எண் இப்போது வடக்கே தோன்றினால் குற்றம் இழையிலோ அதன் கனெக்டர்களிலோ இருக்கிறது. தெற்கேயே நின்றுவிட்டால் மாட்யூலில் அல்லது மாட்யூலின் வாயில் இருக்கிறது. இதற்கு இணைப்பைச் சில நிமிடம் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

தேடல்

இழப்பு எந்த வடிவில் வந்தது என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் மாட்யூலின் எண்களைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து வரைபடமாகச் சேர்த்து வைக்கிறார்கள். நம் இணைப்பின் வரைபடம் மாதக்கணக்கில் மைனஸ் 5.9-இல் நேர்க்கோடாக ஓடி, ஒரு பிற்பகலில் படிக்கட்டு போல ஒரே அடியில் மைனஸ் 9-க்கு இறங்கி, மறுபடி நேர்க்கோடாகியிருக்கிறது. இப்படி ஒரு படி இறங்கினால் யாரோ எதையோ தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். தரைக்கடியில் கிடக்கும் கண்ணாடி ஒரு பிற்பகலில் தானாகக் கெடுவது அரிது. அந்தப் பிற்பகலில் வடக்குக் கட்டடத்தின் பேனலில் வேறொரு புது இணைப்புக்காக வேலை நடந்திருக்கிறது என்று வருகைப் பதிவு சொல்கிறது. வேறு வடிவங்களும் உண்டு. பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக எண் ஊசலாடினால் வெயிலில் விரிந்து சுருங்கும் ஏதோ ஒரு பொருத்தத்தைச் சந்தேகிக்கலாம். கம்பத்தில் கட்டிய கேபிள் காற்றில் ஆடும்போது எண் துள்ளினால், எங்கோ இழை இறுக்கமாக வளைந்திருக்கிறது.

வளைவுக்கு ஒரு தனி அடையாளம் இருக்கிறது. இழையை இறுக்கமாக வளைத்தால் நீண்ட அலைநீள ஒளி அதிகமாகக் கசிந்து வெளியேறும். 1550 நானோமீட்டர் ஒளி 1310-ஐவிட மிகுதியாகப் பாதிக்கப்படும். ஒரே இழையில் இருதிசையும் செல்லும் பைடி மாட்யூல்களில் ஒரு முனை 1310-இலும் மறுமுனை 1550-இலும் பேசும் வகை உண்டு. அங்கே இரு முனையின் எண்ணும் ஒரே அளவு இறங்கியிருந்தால் கனெக்டரைப் பாருங்கள். 1550-ஐப் பெறும் முனையில் மட்டும் எண் தொபுக்கென்று விழுந்திருந்தால் எங்கே இழை கதவிடுக்கில் மாட்டியிருக்கிறது, எங்கே கட்டுவார் இறுக்கியிருக்கிறது என்று தேடுங்கள். நம் எல்ஆர் இணைப்பில் இரு திசையும் 1310 என்பதால் இந்தச் சோதனை நமக்கில்லை.

அடுத்து கனெக்டர்கள். ஒற்றைமுறை இழையில் ஒளி செல்லும் நடுப்பகுதியின் விட்டம் ஒன்பது மைக்ரான் அளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு அதன் முன்னால் சுவர்போல நிற்கும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு அந்த முகத்தையே மூடிவிடும். தேடலை எங்கும் அங்கிருந்தே தொடங்குவது சரி, ஏனென்றால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, சரிசெய்யவும் காசு செலவில்லை. ஓர் எச்சரிக்கை: இந்த ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. இழை முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. லேசரை நிறுத்திவிட்டு, திரையில் படம் காட்டும் நுண்ணோக்கிக் கருவியால்தான் பார்க்க வேண்டும்.

நம் கதையில் முதலில் தெற்கு மாட்யூலின் பேட்ச் கார்டைக் கழற்றிப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. தெற்குப் பேனலில் லேசான தூசு. பேனா போன்ற கிளீனரை நுழைத்து ஒரு கிளிக். துடைத்துச் செருகியதும் எண் மைனஸ் 9.0-இலிருந்து மைனஸ் 8.9 ஆனது. இது மாற்றமே இல்லை. பிறகு வடக்குப் பேனல். அங்கே நுண்ணோக்கியில் நடுப்பகுதியின் மேலேயே ஒரு தீற்றல் தெரிந்தது. புது இணைப்புக்கு இடம் பண்ண இந்தக் கனெக்டரைக் கழற்றி, மூடி போடாமல் தொங்கவிட்டு, மறுபடி அப்படியே செருகியிருக்கிறார்கள். உலர்ந்த கிளீனர் ஒருமுறை தேய்த்ததில் தீற்றல் பரவியதே தவிரப் போகவில்லை. பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடைத்தார்கள். எதிரே பேனலின் உட்பக்கம் இருக்கும் கனெக்டரையும் அதேபோலச் சுத்தம் செய்தார்கள். இதை மறந்தால் உள்ளே இருக்கும் பிசுக்கு துடைத்த முகத்தில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் இரு முகமும் தெளிவாகத் தெரிந்த பின்பே செருகினார்கள். தெற்கே திரையில் மைனஸ் 6.0.

முதல் நாள் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 0.1. அதைத் துரத்த வேண்டியதில்லை. மாட்யூலால் அவ்வளவு நுணுக்கமாக அளக்க முடியாது. அந்த ஒற்றைத் தீற்றல் விழுங்கிய ஒளி, எட்டு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான கண்ணாடி விழுங்குவதற்குச் சமம் என்பதைக் கவனியுங்கள்.

சுத்தம் செய்தும் எண் ஏறாவிட்டால் மாட்யூலின் வாசிப்பு அத்தோடு கைவிரித்துவிடும். எவ்வளவு தொலைந்தது என்று அதற்குத் தெரியும், எந்த இடத்தில் என்று தெரியாது. அதற்கு ஓடிடிஆர் என்ற கருவி வேண்டும். அது இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் மெல்லிய எதிரொளியின் நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்லும்.

எண் நன்றாயிருந்தும் கெட்ட இணைப்பு

பெறும் எண் ஒளியின் சராசரி அளவு மட்டுமே. அந்த ஒளியில் ஒன்றும் பூஜ்யமும் தெளிவாகப் பிரிந்து தெரிகின்றனவா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. துடிப்பே இல்லாத வெறும் ஒளியையும் அது அளந்து காட்டும். போட்டோடையோடு பரந்த அலைநீளத்தை ஏற்கும் பொருளால் ஆனதால், 1310-க்குப் பதில் 1550 மாட்யூலை எதிரே தவறிச் செருகினாலும் எண் வரும், திரையில் அழகாகவே இருக்கும். பச்சை நிறச் சாய்முகக் கனெக்டரை நீல நிற நேர்முகக் கனெக்டரில் செருகிவிட்டால் இரு முகங்களும் பொருந்தாமல் இடைவெளி விழும். இழப்பு மட்டுமல்லாமல் எதிரொளிப்பும் வரும். ஆகவே ஒளியளவைப் பார்க்கும்போதெல்லாம் பிழை எண்ணிக்கையையும் கூடவே பாருங்கள். ஒளி குறைந்து பிழையும் ஏறினால் பாதையில் கோளாறு. ஒளி முதல் நாள்போலவே இருந்து பிழை மட்டும் ஏறினால், கேபிளைத் தோண்டாதீர்கள்; மாட்யூல் பொருத்தம், சுவிட்சின் வாய், மின்பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள்.

அதிக ஒளியும் தீமைதான். எல்ஆர் வகையின் ஏற்கும் மேலெல்லை பிளஸ் 0.5. எண்பது கிலோமீட்டருக்கான மாட்யூல்களில் பெறும் பக்கம் மிக நுண்ணுணர்வு கொண்டது. அவை சுமார் மைனஸ் 7-க்கு மேல் தாங்காது, ஆனால் அனுப்புவதோ பூஜ்யத்துக்கும் மேலே. அப்படிப்பட்ட இரண்டை மேசைமேல் வைத்து ஒரு மீட்டர் பேட்ச் கார்டால் சோதித்துப் பார்த்து, பெறும் பக்கத்தைச் சுட்டுவிட்டவர்கள் உண்டு. நடுவில் அட்டென்யுவேட்டர் போடாமல் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

லேசரின் முதுமையைத் தேட வேண்டிய வரி வேறு. லேசருக்கு வயதாக ஆக, அதே ஒளியைத் தர அதற்கு அதிக மின்னோட்டம் தேவைப்படும். பின்புறத்துப் போட்டோடையோடு ஒளி குறைவதை உணர்ந்ததும், மாட்யூலின் கட்டுப்பாட்டுச் சுற்று மின்னோட்டத்தை ஏற்றி ஈடுகட்டிவிடும். அதனால் அனுப்பும் எண் கடைசிவரை அசையாமல் நின்று, ஒருநாள் திடீரென்று சரியும். அசைவது முதல் வரியிலுள்ள மின்னோட்டம்தான். நம் மாட்யூலில் 34 மில்லியாம்பியர் என்று இன்று இருப்பது, சில ஆண்டுகளில் அதே வெப்பநிலையில் 51 ஆகியிருந்தால், அதாவது பாதிக்குப் பாதி கூடியிருந்தால், மாற்று மாட்யூலை வாங்கி வைத்துவிடுவது நல்லது. வெப்பம் ஏறினாலும் மின்னோட்டம் ஏறும் என்பதால் சித்திரை மதியத்து எண்ணை மார்கழி இரவின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

எண் மைனஸ் 40-ஐத் தொட்டாலோ, `-inf` என்று வந்தாலோ, ஒளியே இல்லை. அப்போது இரு திசையும் ஒரே நொடியில் இருண்டிருந்தால், கேபிளை வெட்டிய ஜேசிபியைத் தேடும் முன் எதிர்க்கட்டடத்தில் மின்சாரம் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஒரு திசை மட்டும் இருண்டிருந்தால் ஒற்றை இழையோ ஒரு லேசரோ போயிருக்கிறது. எதிர்முனையின் அனுப்பும் எண்ணும் மின்னோட்டமும் எது என்று சொல்லிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு டேட்டா சென்டர் தேவையில்லை. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால், சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்குள்ளும் ஒரு டிரான்ஸீவர் இருக்கிறது. அதன் அமைப்புப் பக்கத்தில் பல பெட்டிகள் பெறும் ஒளியளவைக் காட்டும். எண் மைனஸ் இருபதை ஒட்டி இருந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். தெருவில் ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மட்டுமே சுமார் 17 டெசிபல் எடுத்துக்கொள்கிறது. அதற்கேற்பவே வீட்டுப் பெட்டி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊர்களில் பரவலாக உள்ள ஜிபான் முறையின் பி பிளஸ் வகுப்பில் வீட்டுப் பெட்டி மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை ஏற்க வேண்டும். இணையம் நன்றாக ஓடும் நாளில் அந்த எண்ணையும் தேதியையும் பெட்டியின் பக்கத்திலேயே எழுதி ஒட்டி வையுங்கள். பழுது வரும் நாளில் "நெட் ஸ்லோவாக இருக்கிறது" என்று சொல்லாமல், "மைனஸ் 20-இல் இருந்தது, இப்போது மைனஸ் 26" என்று சொல்லுங்கள். வருகிற டெக்னீசியன் உங்கள் ரூட்டரை ரீஸ்டார்ட் செய்து பார்ப்பதை விட்டுவிட்டு, நேரே கனெக்டரையும் வாசலில் வளைந்திருக்கும் வயரையும் பார்க்கத் தொடங்குவார்.